நைட்டி இல்லாத பன்னிரண்டு படங்கள்

அந்தப் பன்னிரண்டு படங்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாயில் தண்ணீர் ஊறுகிறது. பசியில் ஊறுவது இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. அதில் என் பங்கும் இருப்பதால் துப்பவும் முடியவில்லை.

திருப்பூரில், அவிநாசி ரோட்டை ஒட்டிய ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அப்போது சாம்பிள் செக்‌ஷனில் இருந்தேன். தைத்து வரும் ஒவ்வொரு சாம்பிளையும் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவது என் வேலை. பாதி படங்களைத் துணியை மேஜையில் விரித்துப் போட்டு எடுக்கலாம். மீதியை ஆள் மேல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். தோள் எங்கே உட்காருகிறது, கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்று பையர் பார்ப்பார்கள்.

அதற்காக மாடலா வைப்பார்கள்? ஃப்ளோரில் எந்தப் பொம்பளைக்கு அளவு சரியாக வருகிறதோ அவளைக் கூப்பிடுவார்கள். செக்கிங் மேஜையில் பிசிர் வெட்டிக்கொண்டிருப்பவள் கத்தரியை வைத்துவிட்டு வருவாள். ஒரு தடுப்புக்குப் பின்னால் போய்ச் சாம்பிளை மாட்டிக்கொண்டு, க்ரீம் கலர் சுவருக்கு முன்னால் நிற்பாள். நான் எடுப்பேன். அப்புறம் கம்ப்யூட்டரில் மோவாய்க்குக் கீழே கோடு போட்டுத் தலையை வெட்டி எறிந்துவிட்டு அனுப்புவேன். ஊரில் பல கம்பெனிகளில் இப்படித்தான் நடந்தது. தலை அவளுக்கு, கழுத்துக்குக் கீழே கம்பெனிக்கு. எழுதாத ஒப்பந்தம்.

எங்கள் கம்பெனியில் அப்படி நின்றவர் ஓர் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டுக்காரர் வேறொரு யூனிட்டில் அயர்ன் மாஸ்டர். அக்காவின் மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் பையர் கொடுத்த அளவு அட்டையில் எம் சைஸுக்குக் கால் இஞ்சுகூடத் தப்பாது. முதலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "நம்ம எம் சைஸ் வந்தாச்சா?" என்பார். சேவூரில் தோட்டமும் மாடும் வைத்திருந்த குடும்பம் முதலாளியுடையது. தன் மாட்டுக்குக்கூடப் பெயர் வைத்திருப்பார்.

முதல் தடவை நின்றபோதே அக்கா என்னிடம் ஒன்று சொன்னார்.

"எம்மா, எம் முகம் மட்டும் எங்கயும் வரப்பிடாது. எங்க வீட்டுல அவுகளுக்குத் தெரியும், நான் சொல்லிட்டுத்தான் நிக்கேன். முகம் வராதுன்னு சொல்லித்தான் சரின்னாவ."

"வராதுங்க்கா. நானே வெட்டிட்டுத்தான் அனுப்புவேன். கவலையே படாதீங்க."

கவலையே படாதீங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்களில் எங்கள் பையர் ஒரு வெப்சைட் கொண்டுவந்தார். இனிமேல் மெயிலில் படம் அனுப்ப வேண்டாம், எல்லாச் சப்ளையர்களும் அதில் ஏற்றிவிட வேண்டும். கேமராவில் எடுத்த ஒரிஜினலையே ஏற்றினால் போதும், சின்னப் படத்தை அதுவே வெட்டிக்கொள்ளும் என்றார்கள். அதற்குப் பெயர் ஸ்மார்ட் கிராப். படத்தில் எது முக்கியமோ அதைத் தானே கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் சதுரமாக எடுத்து வரிசையில் காட்டும். அந்தச் சின்னப் படங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கி, பக்கத்தில் ஸ்டைல் நம்பரும் போட்டு, பிரிண்ட் எடுத்துக்கொள்ள லைன் ஷீட்டும் தரும்.

முதல் வாரம் எனக்குப் பரம சந்தோஷம். வெள்ளை போலோ டீஷர்ட், நெஞ்சில் சிவப்பு லோகோ. ஏற்றினேன். லோகோவும் காலரும் பட்டன் பட்டையும் அழகாகச் சதுரத்துக்குள் வந்து உட்கார்ந்தன. நான் கையால் வெட்டியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன். சட்டை என்றால் என்னவென்று இதற்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். என் முட்டாள்தனம் அங்கே ஆரம்பித்தது.

அது தப்பும் செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. பிரவுன் கலர் பேண்ட் ஒன்றை விரித்துப் போட்டு எடுத்தபோது ஓரத்தில் கிடந்த மஞ்சள் இஞ்ச் டேப்பைச் சதுரமாக எடுத்துக் காட்டியது. இன்னொன்றில், ஆடிட்டுக்காகச் சுவரில் மாட்டிய சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர். சிலிண்டரின் பக்கத்தில் 'மென்ஸ் ட்ராக் பேண்ட்' என்று எழுதியிருந்தது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் அப்படி எடுத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. டேப்பையும் சிலிண்டரையும் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு நைட்டிகள். குளிர் நாட்டில் வயதானவர்கள் போட்டுக்கொள்வது. முழங்கை தாண்டிக் கை, கணுக்கால் வரைக்கும் நீளம், கழுத்து மட்டும் அகலம், அதுவும் தோள் ஓரம் வரைக்கும்தான். இளஞ்சாம்பல், பொடிப்பொடியாய் நூல் கலந்த சாம்பல் மெலாஞ்ச், வெளிர் க்ரீம் என்று எல்லாமே செத்த கலர்கள். அக்கா அன்றைக்குத் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தார். அவர்கள் சர்ச்சில் யாருக்கோ கல்யாணம், காலையில் போய்விட்டு அப்படியே வேலைக்கு வந்திருந்தார்.

"பூவ எடுத்துரட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டுங்க்கா, தலதான் வரப்போறதில்லையே."

பன்னிரண்டையும் எடுத்து முடித்தேன். மடத்துக்குளத்தில் சித்தி வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். தலையை வெட்ட ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம். ஏற்றும் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது: வெட்டும் இடத்தை நானே குறிக்கிறேன், அல்லது தானாக வெட்டட்டும். இதற்குத்தான் சட்டை தெரியுமே, நைட்டி தெரியாதா? தானாக என்பதை டிக் செய்தேன். பன்னிரண்டு ஒரிஜினலும் ஏறி முடித்ததும் திரையை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். சின்னப் படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பையர் ஆபீசிலிருந்து ஓர் ஆள் மெயில் போட்டிருந்தான். இரண்டே வரி. பெண் அழகாக இருக்கிறாள். உடை எங்கே?

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் நாலு பேர் என் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு சதுரங்கள். பன்னிரண்டிலும் அக்காவின் தலை. கறுத்த முடி, வெள்ளை மல்லிகை, சிவப்புப் பொட்டு, கழுத்து. சதுரம் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, நைட்டியின் ஓரம் ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. தோளின் தொடக்கம் தெரிகிறது, தோல் தெரிகிறது, துணி என்று ஒரு நூல் இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'லேடீஸ் நைட்வேர்' என்று எழுதியிருந்தது.

ஒருவன், "எம் சைஸுக்கு அடுத்த மாசம் போஸ்டர் ஒட்டிருவாங்க போலிருக்கு" என்றான். இன்னொருவன் மவுஸைப் பிடித்து ஒரு சதுரத்தைப் பெரிதாக்கினான். கழுத்துக்குக் கீழே இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தான். அவனுக்கு வீட்டில் இரண்டு தங்கச்சிகள் உண்டு. அந்த விரலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர்களை விலக்கிவிட்டு வெப்சைட்டுக்காரர்களுக்கு போன் போட்டேன். சென்னையில் இருந்த ஒரு பையன் பொறுமையாகப் பேசினான். "மேடம், அதுக்கு டிரஸ்னா என்னன்னு தெரியாது. முகம்னா என்னன்னும் தெரியாது. இந்த வெர்ஷன்ல முகம் தேடற வசதியே இல்ல."

"அப்புறம் எப்படி முகத்த மட்டும் எடுத்துச்சுங்க?"

அவன் விளக்கினான். படத்தை முதலில் சின்னதாக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும். வெளிச்சத்தில் எவ்வளவு வித்தியாசம், நிறத்தில் எவ்வளவு வித்தியாசம், கோடுகள் ஓடும் திசையில் எவ்வளவு வித்தியாசம். அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகிற இடத்துக்கு மதிப்பெண் கிடையாது. துருத்திக்கொண்டு நிற்கிற இடத்துக்கு மதிப்பெண் கூடும். கடைசியில், மொத்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி அடங்குகிற மாதிரி ஆகச் சின்னக் கட்டத்தைத் தேடி அங்கே வெட்டும். அவ்வளவுதான்.

"உங்க படத்துல வெளிர் சுவர், வெளிர் டிரஸ். மெலாஞ்ச்சுல இருக்கற பொடிப்பொடி கலரெல்லாம் படத்தச் சின்னதாக்கும்போதே கலந்து காணாமப் போயிரும். அதனால டிரஸ் முழுக்க ஒரே மாதிரிதான் அதுக்கு. கறுப்பு முடியில வெள்ளப் பூ, நெத்தியில சிவப்பு. மார்க் எல்லாம் அங்கதான் மேடம் விழும்."

போலோவில் சிவப்பு லோகோ, பேண்டில் மஞ்சள் டேப், சுவரில் சிலிண்டர். எல்லாம் ஒரே கணக்கு. போலோவை அது புரிந்துகொள்ளவில்லை. லோகோ நெஞ்சில் இருந்ததால் நெஞ்சு தப்பித்தது. முக்கியமானதைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்றார்களே, அது கண்டுபிடித்தது கண்ணைக் குத்துவதை மட்டும். அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில்தான் ஒரு பொம்பளை மாட்டிக்கொண்டாள். பூ இருக்கட்டும் என்று சொன்னவள் நான்.

உடனே 'தானாக' என்ற டிக்கை எடுத்துவிட்டு, பன்னிரண்டுக்கும் கழுத்துக்குக் கீழே நானே கையால் இடம் குறித்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. சனிக்கிழமை செய்திருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும். ஒரு பஸ் போயிருக்கும், அடுத்த பஸ் வந்திருக்கும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "நம்ம தப்புங்க சார். அந்தக்காகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டர் பண்ணதுக்கு நான் என்ன கண்ணு சொல்றது? இனிமே பூ வெக்காம வரச் சொல்லீரு, முடிஞ்சுது."

"இனி அவங்க நிக்க மாட்டாங்கன்னு நெனைக்கறனுங்க."

"அப்ப நீ நில்லேன். ஒரு சைஸ் முன்னப்பின்ன, என்னாகப் போவுது?"

"முடியாதுங்க சார்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவரும், "சரி உடு கண்ணு" என்று அடுத்த ஃபைலை எடுத்தார். மடத்துக்குளத்தில் எங்கள் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்று அவருக்குத் தெரியும். நான் மாட்டேன் என்றால் அது அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அக்காவிடம் நிற்கிறாயா என்று யாரும் கேட்டதே இல்லை என்பது அந்த அறையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை.

செக்கிங் மேஜைக்குப் போனேன். அக்காவின் ஸ்டூல் காலியாக இருந்தது. பக்கத்து மேஜையில் இருந்தவர், "காலையில வந்துட்டு அரை மணி நேரத்துல போயிட்டாங்க. ஊட்டுக்காரரு போன் பண்ணி வரச் சொன்னாராமா" என்றார்.

அவருக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது? லைன் ஷீட் எங்கே போனது என்று கேட்க ஸ்டோருக்கு ஓடினேன். நான் கிளம்பிய பிறகு, சனிக்கிழமை சாயங்காலமே ஸ்டோர் ஆட்கள் லைன் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து, இதே நைட்டியில் சோதனைக்குத் தைத்த முதல் லாட் போகும்போது பண்டலோடு பின் அடித்து அனுப்பிவிட்டார்கள். மடிக்கிற ஆள் ஸ்டைலைப் பார்த்துக்கொள்வதற்காக எப்போதும் அப்படித்தான் அனுப்புவோம். போனது அயர்ன் பேக்கிங் யூனிட்டுக்கு. அக்காவின் வீட்டுக்காரர் அயர்ன் போடுகிற அதே யூனிட்டுக்கு.

ஆட்டோ பிடித்துப் போனேன். நீராவியும் ஸ்டார்ச் நாற்றமுமாக நீளமான ஷெட். வரிசையாக மேஜைகள். மூன்றாவது மேஜைக்கு மேலே சுவரில் அந்த ஷீட்டை ஒட்டியிருந்தார்கள். மடிக்கிற முறை பார்க்க ஒட்டினோம் என்றார்கள். மடிப்பு தெரிய அதில் துணி எங்கே இருந்தது? ஒரு சதுரத்துக்குக் கீழே பேனாவால் யாரோ ஏதோ எழுதியிருந்தான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஷீட்டைப் பிய்த்து நாலாகக் கிழித்து என் பைக்குள் போட்டேன். ஒருத்தன்கூடத் தலை நிமிரவில்லை. அத்தனை பேரும் திடீரென்று மும்முரமாகத் துணி தேய்த்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் வெளியே வந்தார். மெலிந்த மனிதர், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. கத்தவில்லை.

"முகம் வராதுன்னு நீங்கதான சொன்னீய?"

"ஆமாங்கண்ணா. என் தப்புதானுங்க. அவங்க மேல ஒண்ணுமே இல்லீங்க."

"அந்தப் படத்துல அவ மேல என்ன உடுப்பு இருந்துச்சு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அந்தச் சதுரத்தைப் பார்த்த அத்தனை ஆண்களும் கழுத்துக்குக் கீழே என்ன இருக்கும் என்று தாங்களே வரைந்துகொண்டிருந்தார்கள். இவர் முன்னாலேயே பேசியிருக்கிறார்கள். கணுக்கால் வரைக்கும் மூடின துணி அது. அந்தத் துணி இரண்டு விரற்கடை தெரிந்திருந்தால் ஒருவனும் வாயைத் திறந்திருக்க மாட்டான். கம்ப்யூட்டர் வெட்டி எறிந்த துணிதான் அக்காவைக் காப்பாற்றியிருக்கும்.

"முழுசா மூடின நைட்டிங்கண்ணா. கையெல்லாம் மூடிருக்கும்."

"அவளும் அப்பிடித்தான் சொல்லுதா. முழுப் படம் இருக்குல்லா? அதக் காட்டுங்க. பாத்தேன்னா எம் மனசு ஆறிரும். அவ வேலைக்கு வரட்டும்."

ஒரிஜினல் பன்னிரண்டும் என் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து நீட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்பாடா என்றுகூட இருந்தது. ஆனாலும் அக்காவைக் கேட்காமல் இன்னொரு தடவை அந்தப் படத்தை யாரிடமும் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் தேடிப் போவதற்குள் அக்காவே சாம்பிள் செக்‌ஷனுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் வீங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"அவுக முழுப் படத்தக் கேட்டாவளா?"

"ஆமாங்க்கா. ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்தர்றேன். பாத்துட்டார்னா சரியாப் போயிரும்."

"குடுக்கப்பிடாது. அழிச்சிரு."

"அக்கா, அது ஒண்ணுதானுங்க சாட்சி."

"எம் மேல துணி இருந்துச்சின்னு எதுக்கும்மா நான் படம் காட்டணும்? பதினாலு வருசம் ஒண்ணா இருக்கோம். இருந்துச்சின்னு சொன்னேன், அவ்வளவுதான். நம்பினா நம்பட்டும், இல்லாட்டி அவுக பாடு. வேலைக்கு வரேன்னு சொல்லிட்டேன், வந்துட்டேன்."

ஃபோல்டரைத் திறந்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதலில் வெப்சைட்டில் இருந்தவை. ஒரிஜினலை நீக்கினாலும் அது வெட்டி வைத்த சின்னப் படம் தனி ஃபைலாகத் தங்கியே இருந்தது. அதையும் ஒவ்வொன்றாகத் தேடி நீக்க வேண்டியிருந்தது. பையர் எங்கே காப்பி எடுத்து வைத்திருக்கிறான், யார் பிரிண்டை எங்கே மடித்து வைத்திருக்கிறான் என்பது என் கையில் இல்லை. அதையும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு என் கம்ப்யூட்டரில் இருந்தவை. ஒன்று, இரண்டு என்று பதினொன்றும் போயின. கடைசிப் படத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

திரை முழுக்க அக்கா நின்றிருந்தார். தலையில் பூ, கணுக்கால் வரைக்கும் சாம்பல் நைட்டி, வெறும் கால், கால் விரலை லேசாக மடக்கி வைத்திருந்தார். இத்தனை வருடம் அவரை எடுத்திருக்கிறேன், வெட்டத்தான் பார்த்திருக்கிறேன், தலையும் உடம்பும் சேர்ந்த அக்காவை ஒரு படமாக நான் பார்த்ததே இல்லை. அவரும் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அப்புறம், "அழி" என்றார்.

அழித்தேன். அவர் எழுந்து போய்த் தன் மேஜையில் கத்தரியை எடுத்துப் பிசிர் வெட்ட ஆரம்பித்தார்.